நோட்டா, கால் தாளா, டிக்கா? இருபடிக் காரணியில் பிள்ளைகள் இடறும் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழி

மும்பை சயானில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் அக்கா ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். யூனிட் டெஸ்ட் முடிந்திருந்தது. இரண்டு செக்‌ஷன், மொத்தம் 62 பிள்ளைகள். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்ன கேள்வியில் பாதிக்கு மேல் தப்பு. "தப்புன்னு தெரியுது, என்ன தப்புன்னு தெரியலையேம்மா. மறுபடி முதல்லேர்ந்து நடத்தவா? நீ உன் டியூஷன்ல எப்படிப் பாக்கிறே?" என்று கேட்டார்.

நான் தாராவியில் நைன்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் 24 பேர். அவருக்கு இருப்பது போல மூட்டை மூட்டையாக நோட்டு எனக்கு வராது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். பிள்ளை எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு அதன் தலைக்குள் ஓடும் தப்பு விதி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் மூன்று வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாட நோட்டை வரி வரியாகப் படிப்பது ஒன்று. ஆறே கேள்விகள் உள்ள கால் தாள் கொடுத்து எழுதச் சொல்வது இன்னொன்று. நான்கு விடை அச்சிட்டுக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வது மூன்றாவது. அக்காவிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்போம், நான் அதிகம் ஏமாந்ததும் அதில்தான்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். மார்ஜின் போட்டு, ஸ்கேலால் கோடு கிழித்து, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. காரணிப்படுத்தல் பயிற்சியில் பத்துக்குப் பத்து டிக் போட்டிருந்தேன். டெஸ்ட் வைத்தால் பத்துக்கு இரண்டு. பயந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் அம்மாவும் அதையே சொன்னார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை மறுபடி எடுத்து, விடையைப் பார்க்காமல் நடுவரிகளை மட்டும் படித்தேன். 6x² − x − 12 என்ற கணக்குக்கு அவள் எழுதியிருந்தது இது:

6x² + 8x − 9x − 12
= 2x(3x + 4) − 3(3x − 4)
= (3x + 4)(2x − 3)

கடைசி வரி சரி. முதல் வரியும் சரி. பெருக்கினால் −72, கூட்டினால் −1 வர வேண்டும்; 8, −9 என்று சரியாகப் பிடித்திருக்கிறாள். ஆனால் இரண்டாவது வரியை விரித்துப் பாருங்கள். −3-ஐ −4-ஆல் பெருக்கினால் +12 வரும். கணக்கிலோ −12 இருக்கிறது. அடைப்புக்குள் 3x + 4 வர வேண்டிய இடத்தில் 3x − 4 எழுதியிருக்கிறாள். இரண்டு அடைப்பும் ஒன்றாக இல்லாதபோது கடைசி வரி எப்படிச் சரியாக வந்தது? கைடின் பின்பக்கத்தில் விடை இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நோட்டிலேயே வேறு இரண்டு கணக்குகளில், அதே மாதிரி இரண்டாவது அடைப்பின் குறி இருந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது. ரப்பரால் அழித்து, முதல் அடைப்போடு பொருந்தும்படி மாற்றியிருக்கிறாள்.

டெஸ்டில் பின்பக்கம் கிடையாது. அங்கே 2x² + x − 15 கேட்டிருந்தேன். அவள் எழுதியது:

2x² + 6x − 5x − 15
= 2x(x + 3) − 5(x − 3)
= (2x − 5)(x + 3)(x − 3)

மூன்று அடைப்பு. இருபடிக்கு மூன்று ஒருபடிக் காரணிகள் வந்தால் விரிக்கும்போது x³ வந்துவிடும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அடைப்புகள் பொருந்தவில்லை, ரப்பரும் இல்லை, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டாள். நான் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டு சைபர் கொடுத்திருந்தேன். அந்தக் குறுக்குக் கோட்டுக்கு நான் வெட்கப்பட வேண்டும். காரணிப்படுத்தலின் கடினமான பகுதி, அதாவது சரியான இரண்டு எண்களைத் தேடிப் பிடிப்பது, அவளுக்கு நன்றாகவே வந்திருந்தது. ஒரே ஒரு இடம்தான் இடறுகிறது: கழித்தல் குறியோடு பொதுக் காரணியை வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் குறியை மாற்றாமல் அப்படியே இறக்கி வைக்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கை. −5(x − 3) என்று கொடுத்து விரிக்கச் சொன்னால் −5x + 15 என்று சரியாக எழுதுகிறாள். உள்ளே கொண்டுபோகத் தெரிகிறது, வெளியே எடுக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே விதியின் இரண்டு பக்கம் என்று நமக்குத் தோன்றும், பிள்ளைக்கு அவை இரண்டு தனி வேலைகள். அதனால் "விரிக்கத் தெரியுதே, அப்போ இது கவனக்குறைவு" என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கவனக்குறைவா, தப்பு விதியா என்று பார்க்க, −5x − 15 = −5(    ) என்றும் −4x + 12 = −4(    ) என்றும் கோடிட்ட இடம் கொடுத்தேன். முதலாவதில் x − 3, இரண்டாவதில் x + 3 எழுதினாள். இரண்டிலும் கடைசி எண்ணுக்கு இருந்த குறியை அப்படியே நகலெடுத்திருக்கிறாள். கவனக்குறைவு இப்படி ஒழுங்காக வராது.

1978இல் ஜான் சீலி ப்ரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார்கள். பல தவறுகள் குருட்டாம்போக்கில் வருவதில்லை. பிள்ளை ஒரு தப்பான முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, அந்த முறை தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கில் என்ன தப்பு விடை வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். நான் வைத்துக்கொண்ட அளவுகோலும் அதுவே. ஒரு பிள்ளைக்கு இன்ன தப்பு என்று முடிவு செய்யும் முன், அது பார்க்காத ஒரு கணக்கில் என்ன எழுதும் என்று பென்சிலால் ஓரமாகக் குறித்து வைப்பேன். நான் குறித்ததையே அது எழுதினால் சரி. வேறு எதையோ எழுதினால் நான் கண்டுபிடித்தது தப்பு.

சரி, நோட்டைப் படிப்பதில் இவ்வளவு கிடைக்கிறதே, அதுவே போதாதா? போதாது. மூன்று தடை. நோட்டில் விடை பின்பக்கத்திலிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து வருகிறது, ரப்பர் தடயத்தை அழிக்கிறது. அடுத்தது, கைடு கணக்குகள் தவறைப் பிரித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை இல்லை. அந்தப் பெண்ணின் கைடில் பெரும்பாலான கணக்குகளில் கழித்தல் எண் முதலில் வரும்படிதான் பிரித்திருந்தார்கள். 6x² − 9x + 8x − 12 என்று எழுதினால் 3x(2x − 3) + 4(2x − 3), அவள் தப்பு வெளியே தெரியவே தெரியாது. கடைசியாக நேரம். ஒரு நோட்டை இப்படி வரி வரியாகப் படிக்க எனக்குப் பத்து நிமிடமாவது ஆகிறது. 24 நோட்டுக்கு நான்கு மணி நேரம். அக்காவின் 62 நோட்டுக்குக் கணக்குப் போட்டால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். பேச்சு அங்கேயே முடிந்தது.

அதனால்தான் கால் தாளுக்கு வந்தேன். ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை நான்காக மடித்துக் கிழித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. பேனாவில் மட்டும் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், கிறுக்கி மறைக்கக் கூடாது. ரஃப் வேலையும் அதே தாளின் பின்புறத்தில்தான். மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கால் மணி நேரம். கேள்விகள் இவை:

1. x² + 5x + 6
2. x² − 5x + 6
3. x² + 5x − 6
4. x² − 5x − 6
5. 2x² + 7x + 3
6. 6x² + 8x − 9x − 12 (இங்கிருந்து தொடரவும்)

முதல் நான்கைப் பார்த்தால் ஒரே கணக்கு போலத் தெரியும், குறி மட்டும்தான் மாறுகிறது. ஆனால் நான்குக்கும் முழு எண்ணில் காரணி உண்டு. முதல் இரண்டில் 2, 3. அடுத்த இரண்டில் 6, 1. விடைகள் வரிசையாக (x + 2)(x + 3), (x − 2)(x − 3), (x + 6)(x − 1), (x − 6)(x + 1). இப்படி நான்கு குறிக்கும் காரணி வரும் சின்ன எண் ஜோடிகள் அதிகம் இல்லை. 5, 6 தவிர 10, 24 ஒன்று. 13, 30 ஒன்று. மறுமுறை தாள் கொடுக்கும்போது அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கையும் தனித்தனியாகத் திருத்தினால் ஒன்றும் கிடைக்காது. நான்கையும் சேர்த்து ஒரே வார்த்தை போலப் படிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு பையன் (x − 6)(x + 1) என்று எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். எண்கள் சரி, குறி மாறியிருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பெரிய எண்ணுக்கு எந்தக் குறி என்பதில் குழப்பம் இருக்கலாம். அல்லது அவன் 6, −1 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் மூலத்துக்குச் செய்வது போலக் குறியைத் திருப்பி எழுதியிருக்கலாம். பத்தாம் வகுப்பில் x + 6 = 0, ஆகவே x = −6 என்று தினமும் திருப்பித் திருப்பி, காரணி எழுதும்போதும் கை தானாகத் திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று மூன்றாவது விடை சொல்லாது. முதல் விடை சொல்லும். திருப்பும் பழக்கம் என்றால் முதல் கேள்விக்கும் (x − 2)(x − 3) என்று எழுதியிருப்பான். முதல் இரண்டும் சரியாக இருந்து கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தால், பெரிய எண்ணின் குறிதான் பிரச்சினை.

அதே மூன்றாவது கேள்விக்கு (x + 3)(x − 2) என்று எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஒரே மாதிரி எழுதிய தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்தால் என்னிடம் இதுதான் பெரிய கட்டு. இவர்களுக்கு 5-உம் 6-உம் சேர்ந்து வந்தால் 2, 3 என்று மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் கழித்தல் குறி இருந்தால் இரண்டு குறியும் வேறாக இருக்க வேண்டும் என்ற விதி தெரியும், பெரியதுக்குக் கூட்டல் என்பதும் தெரியும். ஆனால் குறியோடு கூட்டிப் பார்ப்பதில்லை. 3 − 2 என்பது 1, 5 இல்லை. இவர்களுக்குக் குறி விதியை மறுபடி நடத்துவது நேர விரயம், அது ஏற்கெனவே தெரியும். விட்டுப்போனது சரிபார்க்கும் படிதான்.

அப்புறம் ஒரு சின்னக் கட்டு, அதைப் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. முதல் கேள்விக்கு (x + 1)(x + 5). மூன்றாவதுக்கு (x − 1)(x − 5). இரண்டாவதும் நான்காவதும் வெறுமை. முதலில் பார்த்தால் பாதி தெரிந்து பாதி தெரியாத பிள்ளை என்று தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை ஒரு விதியைத் துளி பிசகாமல் செய்திருக்கிறது: பெருக்கினால் 5, கூட்டினால் 6. கூட்டலும் பெருக்கலும் இடம் மாறிவிட்டன. முதல் கணக்கில் பெருக்கினால் 5, கூட்டினால் 6 என்றால் 1, 5 கிடைக்கும். மூன்றாவதில் பெருக்கினால் 5, கூட்டினால் −6. அதற்கு −1, −5 கிடைக்கும். இரண்டாவதில் பெருக்கினால் −5, கூட்டினால் 6 வர வேண்டும். அப்படி முழு எண் ஜோடியே கிடையாது. நான்காவதிலும் கிடையாது. தேடித் தேடி அலுத்து விட்டுவிட்டது. அந்த வெறுமையும் ஒரு விடைதான்.

என்னிடம் மூன்று பேர் இப்படி எழுதினார்கள். ஏன் என்று கேட்டபோது ஒரு பையன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், 'சம்'னா கணக்குதானே? கணக்குல கடைசில இருக்கிறது 6, அதான் சம் 6." நாம் எல்லோரும் "அடுத்த சம் போடு", "இந்த சம் கஷ்டம்" என்றுதான் சொல்கிறோம். நம் ஊர் ஆங்கிலத்தில் கணக்குக்கே சம் என்று பெயர். இங்கே பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். சிலர் சின்ன வகுப்பை மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். சம் என்றால் கூட்டுத்தொகை, புராடக்ட் என்றால் பெருக்குத்தொகை என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் "கூட்டினா நடுவில் இருக்கிறது, பெருக்கினா கடைசியில் இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறேன். x²-க்கு முன்னால் எண் வந்துவிட்டால் இந்த வாசகம் உதைக்கும். அதற்குத்தான் ஐந்தாவது கேள்வி.

2x² + 7x + 3 என்பதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். கடைசி 3-ஐ மட்டும் பார்த்து, பெருக்கினால் 3, கூட்டினால் 7 என்று தேடுகிறவர்களுக்கு ஜோடி கிடைக்காது. "காரணி இல்லை" என்று எழுதினாலோ விட்டுவிட்டாலோ, முன்னால் இருக்கும் 2-ஐப் பெருக்கவில்லை என்று தெரியும். 2 × 3 = 6 என்று பெருக்கி, 6, 1 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு உடனே (x + 6)(x + 1) என்று எழுதுகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு எண் தேடத் தெரியும். ஆனால் அந்த எண்கள் நடு உறுப்பைப் பிரிக்கத்தான், நேராக அடைப்புக்குள் போட இல்லை என்பது தெரியாது. x²-க்கு முன்னால் எண் இல்லாத கணக்குகளில் நேராகப் போட்டாலும் சரியாக வந்ததே, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்.

இரண்டாவது காரணம் அந்த 1. சரியாகப் போனால் 2x² + 6x + x + 3 = 2x(x + 3) + (x + 3) என்று வரும். இங்கே இரண்டாவது அடைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு 1 இருக்கிறது. அதைப் பார்க்காதவர்கள் 2x(x + 3) என்று முடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் 2x(x + 3)² என்று எழுதுவார்கள். 2x² + 7x + 6 மாதிரி ஒரு கணக்குக் கொடுத்திருந்தால் 2x(x + 2) + 3(x + 2) என்று வெளிப்படையாக எண் வந்து இந்தத் தப்பை மறைத்திருக்கும். அபூர்வமாக (x + 3)(x + 1/2) என்றும் ஒரு விடை வரும். இது காரணிப்படுத்தலே இல்லை. பிள்ளை சூத்திரத்தைப் போட்டு −3, −1/2 என்று மூலங்களைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி எழுதியிருக்கிறது, முன்னால் இருந்த 2 வழியில் விழுந்துவிட்டது. பின்புறத்து ரஃபைப் பார்த்தால் ஸ்கொயர் ரூட் 25 இருக்கும்.

ஆறாவது கேள்வி பாதி செய்து கொடுத்தது. எண் தேடும் வேலையை நானே முடித்துவிட்டு, அடுத்த படியை மட்டும் கேட்கிறேன். எண்ணே கிடைக்காமல் நின்றுவிடும் பிள்ளைக்கு அடைப்பு எடுக்கத் தெரியுமா என்பது மற்ற கேள்விகளிலிருந்து தெரியவே வராது. கழித்தல் எண்ணை வேண்டுமென்றே இரண்டாவதாக வைத்திருக்கிறேன். அந்த அழகு நோட்டுப் பெண்ணுக்கு நான் ஓரத்தில் குறித்து வைத்தது −3(3x − 4). அதையேதான் எழுதினாள்.

24 தாளைப் பிரிக்க எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. திருத்துவதே இல்லை, கட்டிலில் பரப்பி, ஒரே மாதிரி எழுதியவற்றை ஒன்றாக அடுக்குகிறேன். எந்தக் கட்டோடும் சேராமல் நாலைந்து தாள் எப்போதும் மிஞ்சும். ஒரே தாளில் இரண்டு தப்பு விதி கலந்திருந்தால் அடுக்கவே முடியாது. அவர்களை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதச் சொல்வேன்.

கால் தாளுக்குள் ஒரு தப்பு அடங்காது. 2x² + 10x + 12 மாதிரிக் கணக்கை இரண்டால் வகுத்து (x + 2)(x + 3) என்று விடுவது அது. சமன்பாடாக, சைபருக்குச் சமம் என்று இருந்தால் இரண்டால் வகுப்பது நியாயம், மூலம் மாறாது. கோவையாக இருந்தால் 2 தொலைந்துபோகும். எங்கள் மாநில போர்டில் எட்டாம் வகுப்பில் கோவையைக் காரணிப்படுத்துகிறார்கள், பத்தாம் வகுப்பு அல்ஜிப்ராவில் இரண்டாவது பாடமே இருபடிச் சமன்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இந்தத் தப்பைச் செய்தால் அது மறதி இல்லை, புதுப் பாடம் பழைய பாடத்துக்குள் புகுந்துவிட்டது. இதைப் பிடிக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்க வேண்டும், அதற்குத் தனித் தாள்தான். (2x + 4)(x + 3) என்று எழுதினால் அதை இந்தக் கட்டோடு சேர்த்துவிடாதீர்கள். பெருக்கினால் சரியாக வரும், பொதுக் காரணியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

டிக் அடிக்கும் முறையை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். சரியான விடையோடு மேலே சொன்ன தப்பு விடைகளையும் சேர்த்து நான்கு தெரிவுகளாகக் கொடுத்தேன். x² + 5x − 6-க்கு (x + 6)(x − 1), (x + 3)(x − 2), (x − 6)(x + 1), (x − 1)(x − 5). எந்தத் தெரிவை டிக் செய்தாலும் எந்தத் தப்பு என்று தெரிந்துவிடும் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். நடந்தது வேறு. கெட்டிக்காரப் பிள்ளைகள் காரணிப்படுத்தவே இல்லை, ஒவ்வொரு தெரிவையும் விரித்துப் பார்த்தார்கள். நான் சோதித்தது அடைப்பை விரிக்கத் தெரியுமா என்பதை. மற்றவர்கள் நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அடித்தார்கள், அது தப்பு விதியிலிருந்து வந்ததா, கைபோன போக்கா என்று பிரிக்க வழியில்லை. நடுவரிகளே இல்லாததால் அந்த நோட்டுப் பெண் இதில் முழு மார்க் வாங்கினாள். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால் முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் என்னென்ன தப்பு வரும் என்று கால் தாளில் ஒரு முறை பார்த்த பிறகுதான். தெரிவுகளைக் கற்பனையில் எழுதினால் யாரும் செய்யாத தப்பெல்லாம் அதில் வரும்.

அக்காவிடம் நான் சொன்னது: மறுபடி முதலிலிருந்து நடத்தாதீர்கள். 62 பேருக்கும் கால் தாள் கொடுங்கள், ஆனால் முதல் நான்கு கேள்வி மட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தாள் என்றாலும் இரண்டு மணி நேரத்தில் கட்டுகள் பிரிந்துவிடும். நான்கும் சரியாக எழுதியவர்களுக்கு மட்டும் மறுநாள் ஐந்தும் ஆறும். நான்கிலேயே நிற்கிறவர்களை ஐந்தாவதுக்கு அனுப்பிப் பயனில்லை. நோட்டைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னேன்.

கடைசியாகச் சொன்னதில் நான் அவசரப்பட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கட்டுகள் நான் சொன்னபடியே பிரிந்திருந்தன, 2, 3 ஒட்டிக்கொண்டவர்கள்தான் அங்கேயும் அதிகம். ஆனால் ஏழு தாள் நான் சொன்ன எதிலும் சேரவில்லை. "நாலு கணக்கிலயும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்கம்மா. x(x + 5) + 6, x(x − 5) + 6, இப்படி. இது என்ன கட்டு?"

அது குறித் தப்பும் இல்லை, எண் தேடும் தப்பும் இல்லை. காரணி என்றால் முழுக் கோவையும் ஒரே பெருக்கலாக மாற வேண்டும் என்பது அந்த ஏழு பேருக்குத் தெரியவில்லை; எங்கேயாவது ஒரு அடைப்பு வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பொதுக் காரணி எடுக்கும் பாடத்தில் x² + 5x = x(x + 5) என்பது முழு விடை, அதையே இங்கேயும் செய்துவிட்டு மிஞ்சிய 6-ஐ ஓரமாக வைத்துவிட்டார்கள். இது எப்போது ஆரம்பித்தது, நடுவில் ஒரு வாரம் சரியாகச் செய்துவிட்டு மறந்ததா, அல்லது நடு உறுப்பைப் பிரிக்கும் பாடமே அவர்களுக்குள் போகவில்லையா என்பதைக் கால் தாள் சொல்லாது. அதில் ஒரு நாள்தான் இருக்கிறது. தேதி போட்டு எழுதிய நோட்டில்தான் அது கிடைக்கும். அந்த ஏழு நோட்டை மட்டும் எடுத்து, பாடம் நடத்திய வாரத்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

ஐந்து பேரின் நோட்டில் அந்த வாரம் பக்கமே இல்லை. கணபதி லீவுக்கு முந்தின வாரம் அது. அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள்.